ஒரு கன்டெய்னர் ரப்பர் பெரம்பலூர் வந்து சேரும்போது கிலோ என்ன விலை?

பெரம்பலூரைத் தாண்டித் திருச்சி போகிற வழியில் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. டயருக்குப் போகிற இயற்கை ரப்பரில் ஒரு பகுதி நம் நாட்டில் விளைவது, ஒரு பகுதி தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம் பக்கத்திலிருந்து கப்பலில் வருவது. அந்த இறக்குமதி ரப்பருக்கு லேண்டட் காஸ்ட் போடுவது எப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு. ஆலைகளுக்கு வெளியே சின்ன அளவில் ரப்பர் பொருள் செய்பவர்களும் இதே கணக்கைத்தான் போட வேண்டும். அவர்களுக்குக் கிலோவுக்கு மூன்று ரூபாய் பிசகினாலே அந்த ஆர்டரின் லாபம் காலி.

கீழே வருகிற விலைகளும் வாடகைகளும் எந்த நிறுவனத்தின் கணக்கும் அல்ல, விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. வரி விகிதங்களும் விதிகளும் மட்டும் உண்மையானவை.

வாங்குகிற சரக்கு டி.எஸ்.ஆர். 20 என்கிற பிளாக் ரப்பர். ஒரு பேல் 35 கிலோ, ஒரு பேலட்டில் 36 பேல், 20 அடி கன்டெய்னரில் 16 பேலட். ஆக 20,160 கிலோ. விற்பவர் சொல்லும் விலை எஃப்.ஓ.பி. கிலோ 1.36 டாலர். அதாவது அவர் ஊர்த் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றித் தருவது வரைதான் அவர் பொறுப்பு. ஆர்டர் போடும் அன்று டாலர் 82.60 ரூபாய்.

பலர் செய்கிற கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும். 1.36-ஐ 82.60-ஆல் பெருக்கினால் 112.34 ரூபாய். சுங்க வரி 25 சதவீதம், அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சர்சார்ஜ், ஆகமொத்தம் 27.5 சதவீதம். போட்டால் 143.23. "கிலோ 143-க்கு வந்துடும்" என்று முடிவாகிவிடும். இதே கன்டெய்னர் கடைசியில் எவ்வளவில் வந்து நிற்கிறது என்று பார்ப்போம்.

முதலில் சுங்கத்துறை எந்த மதிப்பின் மேல் வரி போடுகிறது என்பது. அது எஃப்.ஓ.பி. விலை அல்ல. அதோடு கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த சி.ஐ.எஃப். மதிப்பு. எஃப்.ஓ.பி. 27,417.60 டாலர், கப்பல் வாடகை 750, இன்ஷூரன்ஸ் 32.40, மொத்தம் 28,200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஒரு விஷயம். கப்பல் வாடகைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் காகிதம் காட்ட முடியாவிட்டால், விதிப்படி எஃப்.ஓ.பி. மதிப்பில் 20 சதவீதத்தை வாடகையாகவும் 1.125 சதவீதத்தை இன்ஷூரன்ஸாகவும் கற்பித்துக்கொண்டு வரி போடுவார்கள். இந்தக் கன்டெய்னரில் 20 சதவீதம் என்றால் சுமார் 5,480 டாலர். உண்மையான வாடகை 750. ஒரு ரசீது கைவசம் இல்லாததற்கு இவ்வளவு பெரிய அபராதம் வேறெங்கும் இருக்காது. இன்னொன்று, முன்பு இந்த மதிப்பின் மேல் ஒரு சதவீதம் "லேண்டிங் சார்ஜ்" என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பார்கள். 2017 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய எக்செல் தாள்களில் அந்த வரி இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது வரி. இயற்கை ரப்பருக்கான அடிப்படைச் சுங்க வரி வெறும் 25 சதவீதம் இல்லை. "25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது." 2015 ஏப்ரல் கடைசியில் 20 சதவீதத்தை 25 ஆக்கினார்கள். 30 ரூபாய் என்ற கூரை அப்படியே நின்றது. ஆசியான் நாடுகளோடு நமக்குத் தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறதே, தாய்லாந்து ரப்பருக்குச் சலுகை உண்டா என்று கேட்பார்கள். இல்லை, இயற்கை ரப்பர் அந்த ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. முழு வரியும் கட்டியாக வேண்டும்.

இந்த "எது குறைவோ அது"-க்குள்தான் இந்தக் கணக்கின் உயிர் இருக்கிறது. 120 ரூபாயில் 25 சதவீதம் சரியாக 30 ரூபாய். ஆகவே சி.ஐ.எஃப். மதிப்பு கிலோ 120-க்குக் கீழே இருக்கும்வரை வரி சதவீதக் கணக்கில் ஏறும். 120-ஐத் தாண்டிவிட்டால் விலை எவ்வளவு ஏறினாலும், டாலர் எவ்வளவு ஏறினாலும், வரி 30 ரூபாயிலேயே நின்றுவிடும். அதன் மேல் பத்து சதவீதம் சமூக நல சர்சார்ஜ் 3 ரூபாய், ஆக 33. எக்செல்லில் எழுதினால் இவ்வளவுதான். B2-ல் கிலோ, B5-ல் ரூபாயில் சி.ஐ.எஃப். மதிப்பு:

```
=MIN(B5*25%, B2*30)*1.1
```

நம் கன்டெய்னருக்குப் போட்டுப் பார்ப்போம். சுங்கத்துறை அறிவித்த டாலர் மதிப்பு 83 என்றால் சி.ஐ.எஃப். 23,40,600 ரூபாய், கிலோவுக்கு 116.10. இதில் 25 சதவீதம் 5,85,150. கிலோ 30 வீதம் போட்டால் 6,04,800. குறைவானது முதலாவது, சர்சார்ஜ் சேர்த்து 6,43,665 கட்ட வேண்டும். இதே டாலர் 86 ஆனால் மதிப்பு கிலோ 120.30. இப்போது கூரை குறுக்கே வருகிறது, வரி 6,65,280. டாலர் 89 ஆனாலும் அதே 6,65,280 தான்.

இதை வேறு மாதிரிச் சொல்லலாம். 120-க்குக் கீழே டாலர் ஒரு ரூபாய் ஏறினால் இந்த ரப்பருக்குக் கிலோவுக்கு 1.40 ரூபாய் விலையிலும், அதன் மேல் இன்னொரு 38 காசு வரியிலும் ஏறும். 120-க்கு மேலே விலையில் மட்டும் 1.40 ஏறும். 2023-ல் உலகச் சந்தையில் டி.எஸ்.ஆர். 20 பெரும்பாலும் 1.30 முதல் 1.45 டாலர் வரை இருந்தது. அதாவது சரியாக இந்தக் கோட்டின் ஓரத்தில். அதற்கப்புறம் விலை ஏறியபோது கணக்கு கூரைக்கு மேலே போய்விட்டது. 2 டாலர் ரப்பர், 84 ரூபாய் டாலர் என்றால் கிலோ 168. அதற்கு 30 ரூபாய் என்பது 18 சதவீதத்துக்கும் குறைவு. கன்னியாகுமரியிலும் கேரளாவிலும் ரப்பர் வைத்திருப்பவர்கள் இந்தக் கூரையை ஏன் வெறுக்கிறார்கள் என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும். விலை ஏற ஏற, ரூபாய் விழ விழ, அவர்களுக்குள்ள வரிப் பாதுகாப்பு விகிதத்தில் சுருங்கிக்கொண்டே போகிறது. வாங்குபவருக்கு அதே விதி நல்லது. 27.5 சதவீதத்தை அப்படியே தாளில் எழுதி வைத்திருப்பவர் மட்டும் விலை உயர்ந்த காலத்தில் இறக்குமதியை வீணாகத் தள்ளிவிடுவார்.

சரி, மேலே 83 என்று ஒரு டாலர் மதிப்பு வந்ததே, அது எங்கிருந்து வந்தது? ஆர்டர் போட்ட அன்று 82.60 தானே? இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரே கன்டெய்னருக்கு ஒரே டாலர் மதிப்பு என்று ஒன்று கிடையாது.

வரிக்கு உரியது சுங்கத்துறையின் மதிப்பு. முன்பெல்லாம் அதை அறிவிக்கையாக வெளியிடுவார்கள். 2024 ஜூலையிலிருந்து ஐஸ்கேட் தளத்திலேயே தானாக வெளியாகிறது. மாதத்தில் முதல் வியாழனும் மூன்றாம் வியாழனும் மாலையில் வரும், அன்று நள்ளிரவிலிருந்து அமல். அடுத்த அறிவிப்பு வரும்வரை சந்தை எங்கே போனாலும் அந்த எண் மாறாது. பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்கிற நாளில் எது அமலில் இருக்கிறதோ அதுதான் நமக்கு. இறக்குமதிக்கான அந்த மதிப்பு சந்தை மதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விற்பவருக்குப் பணம் கட்டுவது வேறு நாள். கப்பலேறிய தேதியிலிருந்து 60 நாள் தவணை என்றால், அன்றைக்கு வங்கி நமக்கு எந்த விலைக்கு டாலர் விற்கிறதோ அது. நம் கணக்கில் 84.60 என்று வைத்துக்கொள்வோம். எஃப்.ஓ.பி. பணம் 23,19,529 ரூபாய் ஆகிறது.

மூன்றாவது, யாரும் எதிர்பார்க்காத ஒன்று. எஃப்.ஓ.பி.-யில் வாங்கினால் கப்பல் வாடகையை நாம்தான் இங்கே கப்பல் கம்பெனியின் ஏஜென்டிடம் ரூபாயில் கட்டுவோம். அவர்கள் பில்லில் போடும் டாலர் மதிப்பு அவர்களே வைத்துக்கொள்வது, வங்கியைவிடக் கூடுதல். 85.50 என்றால் 750 டாலருக்கு 64,125 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் தாளில் தனிக் கட்டம் வேண்டும். இன்ஷூரன்ஸ் 2,689.

சென்னைத் துறைமுகச் செலவுகள் வரிசையாக வரும்: டெர்மினல் கட்டணம், டெலிவரி ஆர்டர், கிளியரிங் ஏஜென்ட், அப்புறம் பெரம்பலூர் வரை சுமார் 270 கிலோமீட்டர் டிரெய்லர் வாடகை. எல்லாம் சேர்த்து 48,000 என்று வைப்போம். தூத்துக்குடியில் இறக்கினால் என்ன என்று யோசிக்க வேண்டாம். இயற்கை ரப்பர் இறக்குமதியை 2016 ஜனவரியில் சென்னை, நவசேவா என்று இரண்டு துறைமுகங்களுக்குள் அடக்கிவிட்டார்கள்.

இப்போது கூட்டலாம். எஃப்.ஓ.பி. 23,19,529, கப்பல் வாடகை 64,125, இன்ஷூரன்ஸ் 2,689, வரி 6,43,665, உள்ளூர்ச் செலவு 48,000. மொத்தம் 30,78,008 ரூபாய். கிலோவுக்கு 152.68. ஆரம்பத்தில் சொன்ன 143.23-க்கும் இதற்கும் வித்தியாசம் 9.45 ரூபாய், கன்டெய்னருக்குச் சுமார் 1.9 லட்சம். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை, எல்லாமே முன்கூட்டித் தெரிந்த செலவுகள். தெரியாதது டாலர் ஏற்றம் மட்டும்தான்.

கிலோ என்பதிலும் ஒரு சின்னக் கிழிசல் உண்டு. டி.எஸ்.ஆர். 20-ல் 0.80 சதவீதம் வரை ஆவியாகிற பொருள் இருக்கலாம் என்று தரநிர்ணயமே இடம் தருகிறது. பெரும்பாலும் ஈரம்தான். சோதனையில் 0.6 சதவீதம் வந்தால் உண்மையில் கிடைத்த ரப்பருக்கு விலை 153.60. கலவைக்குக் கணக்குப் போடுபவர் இந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

டாலர் கொஞ்சம் இறங்கட்டும், அடுத்த வியாழன் வரை பில் ஆஃப் என்ட்ரியை நிறுத்தி வைப்போம் என்று சிலர் கேட்பதுண்டு. கணக்கே பதில் சொல்லும். அறிவிப்பு மதிப்பு 50 காசு குறைந்தால் 120-க்குக் கீழே இந்தக் கன்டெய்னரில் மிச்சமாவது 28,200 × 0.50 × 27.5%, சுமார் 3,880 ரூபாய். கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் தாமதக் கட்டணம் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000, அதன் பின் 10,000. இதோடு துறைமுக வாடகையும் கன்டெய்னர் தடுப்புக் கட்டணமும் வேறு. 120-க்கு மேலே என்றால் மிச்சமே இல்லை, வரிதான் அசையாதே. வியாழன் காலை தாக்கல் செய்வதா வெள்ளிக்கிழமை செய்வதா என்ற அளவுக்கு மட்டும், அதுவும் கப்பல் இன்னும் வராதபோது, இந்த யோசனைக்குப் பொருள் இருக்கிறது.

பார்வர்டு எடுப்பவர்களுக்கும் இதையொட்டி ஒரு வார்த்தை. வங்கியில் எஃப்.ஓ.பி. தொகைக்குப் பார்வர்டு போட்டால் 60-ஆம் நாளின் ஆபத்து தீர்ந்தது. ஆனால் விலை 120-க்குக் கீழே இருக்கும்போது வரியிலும் ஒரு டாலர் ஆபத்து இருக்கிறது. அது சி.ஐ.எஃப்.-இல் 27.5 சதவீதம், இங்கே சுமார் 7,750 டாலர் அளவு. அது முடிகிற நாளும் வேறு, பில் ஆஃப் என்ட்ரி தேதி. ஒரு கன்டெய்னருக்கு இதைத் தனியாக மூட வேண்டிய அவசியமில்லை. மாதம் ஐம்பது கன்டெய்னர் எடுப்பவர் பார்க்க வேண்டும்.

ஐ.ஜி.எஸ்.டி.யை மேலே நான் சேர்க்கவில்லை. ரப்பருக்கு 5 சதவீதம், சி.ஐ.எஃப். மதிப்பும் சுங்க வரியும் சேர்ந்த தொகையின் மேல். நம் கணக்கில் 1,49,213 ரூபாய். இதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், ஆகவே அது செலவல்ல, கொஞ்ச நாள் மாட்டிக்கொண்டிருக்கும் பணம். 40 நாள், பத்து சதவீத வட்டி என்றால் சுமார் 1,635 ரூபாய், கிலோவுக்கு எட்டுக் காசு. சுங்க வரியையும் சர்சார்ஜையும் இப்படித் திரும்ப எடுக்க முடியாது. எந்த வரி திரும்பி வரும், எது வராது என்பதைப் பிரிக்காமல் "மொத்த வரி" என்று ஒரு கட்டம் போடுவது பெரிய தப்புக்கு வழி.

இதற்கு நல்ல உதாரணம் பக்கத்து அரியலூரிலேயே கிடைக்கிறது. ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், அரசின் டான்செம் என்று சுண்ணாம்புக்கல்லை நம்பி அங்கே சிமென்ட் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. சூளைக்கு நிலக்கரி வேண்டும். அதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி.யோடு டன்னுக்கு 400 ரூபாய் இழப்பீட்டு செஸ் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ்ஸை எடுத்துவிட்டு ஜி.எஸ்.டி.யை 18 சதவீதமாக்கினார்கள். டன் 8,000 ரூபாய் கரி என்றால் முன்பு 400-உம் 400-உம் சேர்த்து 800, இப்போது 1,440. வரி கிட்டத்தட்ட இரட்டிப்பு மாதிரித் தெரிகிறது, இல்லையா? ஆனால் செஸ்ஸில் எடுக்கும் வரவை செஸ் கட்டத்தான் பயன்படுத்த முடியும். சிமென்டுக்கு செஸ் கிடையாது, ஆகவே அந்த 400 முழுச் செலவு. இப்போதைய 1,440-ஐச் சிமென்ட் விற்பனையின் வரியில் கழித்துக்கொள்ளலாம். கட்டுகிற வரி 640 ரூபாய் ஏறியது, லேண்டட் காஸ்ட் 400 ரூபாய் இறங்கியது.

திரும்ப நம் ரப்பருக்கு. வாங்குகிறவருக்கும் கணக்கரிடம் இருக்கும் தாளுக்கும் இடையே ஒரு முரண் எப்போதும் இருக்கும். கணக்குப் பதிவு விதிப்படி சரக்கு எந்தத் தேதியில் நம் கணக்குக்கு வந்ததோ அந்த நாள் டாலர் மதிப்பில் கொள்முதல் பதிவாகும். அதற்குப் பிறகு பணம் கட்டும்வரை டாலர் ஏறிய வித்தியாசம் சரக்கின் விலையில் சேராது, அந்நியச் செலாவணி நஷ்டம் என்று தனி வரியில் போகும். காஸ்ட் அக்கவுன்டன்ட்கள் பின்பற்றும் சி.ஏ.எஸ். 6-உம் இதையேதான் சொல்கிறது. நம் கன்டெய்னர் 82.60-ல் பதிவாகி 84.60-ல் பணம் கட்டப்பட்டால், அந்த இரண்டு ரூபாய் வித்தியாசம் 54,835 ரூபாய், கிலோவுக்கு 2.72. ஸ்டோர் லெட்ஜரில் ரப்பர் 149.96 என்று நிற்கும். கையை விட்டுப் போனது 152.68.

கணக்கு விதியில் பிழை இல்லை, அதன் நோக்கம் வேறு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு கொள்முதல் முடிவு எடுப்பதில்தான் பிழை வருகிறது. உள்நாட்டு ஐ.எஸ்.என்.ஆர். 20 பெரம்பலூருக்கு வந்து சேர கிலோ 151 என்று ஒருவர் சொன்னால், லெட்ஜரைப் பார்ப்பவருக்கு இறக்குமதி ஒரு ரூபாய் மலிவு. உண்மையில் அது 1.70 ரூபாய் கூடுதல். ஒப்பிடும்போது ஆர்டர் அன்றைய டாலரையோ லெட்ஜர் டாலரையோ எடுக்காமல், பணம் கட்டும் தேதிக்கு வங்கி தருகிற பார்வர்டு விலையை எடுத்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். உள்நாட்டு விற்பனையாளர் உடனே பணம் கேட்பவர் என்றால், அந்த 60 நாள் வட்டியை அவர் விலையில் ஏற்றிவிட்டு அப்புறம் ஒப்பிட வேண்டும். பத்து சதவீத வட்டிக்கு 151 ரூபாயில் அது சுமார் 2.48. ஏற்றினால் உள்நாட்டு ரப்பர் 153.48 ஆகி, இறக்குமதி மறுபடி மலிவாகிவிடுகிறது! எண்பது காசுதான். அந்த எண்பது காசுக்குக் கப்பல் தாமதத்தையும் தர வித்தியாசத்தையும் ஏற்பதா என்பது அவரவர் முடிவு. என்னைக் கேட்டால் உள்நாட்டில் வாங்கிவிடுவேன்.

ஏற்றுமதி செய்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு முழுக்க மாறும். அட்வான்ஸ் ஆத்தரைசேஷனில் கொண்டுவரும் ரப்பருக்குச் சுங்க வரி இல்லை, கிலோவுக்குக் கிட்டத்தட்ட 32 ரூபாய் குறையும். ஆனால் அந்த ரப்பரில் செய்த பொருளைக் குறித்த காலத்துக்குள் வெளிநாட்டுக்கு அனுப்பியாக வேண்டும், தவறினால் விட்ட வரியை வட்டியோடு கேட்பார்கள். ஆகவே ஒரே குடோனில், ஒரே கப்பலில் வந்த, ஒரே மாதிரி 35 கிலோ பேல்களுக்கு இரண்டு லேண்டட் காஸ்ட் இருக்கும். தாளிலும் இரண்டு பத்தி வேண்டும்.